கால்சியம் ஓடும் பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன்: வேறு கையில் போட்டாலும் கூடாதா?

மலர்விழி_செவிலி | ஜனவரி 9, இரவு 11.35

நேற்று இரவு டியூட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறந்து ஆறு நாள் ஆன ஆண் குழந்தை, நிறைமாதம், 2.9 கிலோ. வெளியே ஒரு நர்சிங் ஹோமிலிருந்து வலிப்போடு அனுப்பியிருந்தார்கள். வலது கை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது, கால்சியம் 6.2 என்று வந்தது. டியூட்டி டாக்டர் கிலோவுக்கு 2 மி.லி. கணக்கில் கால்சியம் குளுக்கோனேட் 5.8 மி.லி. எடுத்து, அதே அளவு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து, பத்து நிமிடத்தில் ஏற்றச் சொன்னார். நான் ஊசியைத் தள்ளத் தள்ள, அவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே இருந்தார். வலிப்பு நின்றது. அப்புறம் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 8 மி.லி. என்று கணக்குப் போட்டு, 23 மி.லி. சிரிஞ்ச் பம்பில் ஓட ஆரம்பித்தது.

மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. நர்சிங் ஹோம் சீட்டில் செஃப்ட்ரியாக்சோன் 145 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தார்கள், இன்னும் முதல் டோஸ் போடவில்லை. பயிற்சி டாக்டர் அதை அப்படியே எங்கள் ஆர்டர் ஷீட்டில் எழுதிவிட்டார். கால்சியம் இடது கையில் ஓடுகிறது, வலது காலில் இன்னொரு கேனுலா சும்மா இருக்கிறது. நான் வயலை உடைத்து டிஸ்டில்ட் வாட்டர் ஏற்றப் போகும்போது சீனியர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "கால்சியம் ஓடுற குழந்தைக்கு இதுவா?" என்றார். வேறு லைன்தானே என்றேன். "எந்த லைனா இருந்தாலும் கூடாது" என்று டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

மருந்து செஃபோடாக்சிமாக மாறியது, அதுவும் 145 மி.கி.தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குப் புரியவில்லை. ஒரே குழாயில் சேர்ந்தால் வீழ்படிவு வரும் என்பது படித்ததுதான். ஒன்று கையில், ஒன்று காலில். எங்கே சேரும்?

---

பழையவைத்தியர்_78 | ஜனவரி 10, காலை 6.10

சிஸ்டர், நாற்பது வருடம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவன். இந்த மருந்து வந்த காலத்திலிருந்து போட்டிருக்கிறேன். பிரச்சினை குழாயில்தான். கால்சியத்தை நிறுத்து, சலைன் போட்டு நன்றாக ஃப்ளஷ் செய், செஃப்ட்ரியாக்சோனை ஏற்று, மறுபடி ஃப்ளஷ் செய், கால்சியத்தைத் தொடங்கு. முடிந்தது. தனி லைன் இருந்தால் அதுவும் வேண்டாம். உங்கள் சீனியர் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறார்.

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 10, பகல் 1.25

டாக்டர் சார் சொல்வது 28 நாளைத் தாண்டிய நோயாளிகளுக்குச் சரி. பச்சிளம் குழந்தைக்குச் சரியில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2007-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. செஃப்ட்ரியாக்சோனும் கால்சியம் கலந்த திரவமும் பெற்ற பச்சிளம் குழந்தைகள் சிலர் இறந்திருந்தார்கள். உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிகம் போன்ற பொருள் இருந்தது. சிலரில் இரண்டும் ஒரே குழாயில் போயிருந்தன, குழாயிலேயே வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் குறைந்தது ஒரு குழந்தைக்கு இரண்டும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு லைனில் போயிருந்தன. அந்தக் குழந்தையும் இறந்தது. சிஸ்டர் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு குழந்தைதான் பதில்.

முதலில் எல்லா வயதினருக்கும் இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரம் விட வேண்டும் என்றார்கள். பிறகு பெரியவர்களின் பிளாஸ்மாவையும் தொப்புள்கொடி ரத்தத்தின் பிளாஸ்மாவையும் எடுத்து, அவற்றில் மருந்தையும் கால்சியத்தையும் பல அளவுகளில் கலந்து பார்த்தார்கள். பெரியவர்கள் பிளாஸ்மாவில் கால்சியம் டெசிலிட்டருக்கு 24 மி.கி. வந்த பிறகுதான் மருந்து கரைசலிலிருந்து குறைய ஆரம்பித்தது. பச்சிளம் குழந்தை பிளாஸ்மாவில் 16-லேயே குறைந்தது. அதை வைத்து 2009 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். 28 நாளுக்கு மேற்பட்டவர்களுக்கு, நடுவே லைனை நன்றாகக் கழுவிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டையும் ஒய் குழாயில் ஓடவிடக் கூடாது. 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிரையில் கால்சியம் ஓடினாலோ, ஓட வேண்டியிருக்கும் என்று தோன்றினாலோ, செஃப்ட்ரியாக்சோன் அறவே கிடையாது. ஃப்ளஷ், தனி லைன், இடைவெளி எதுவும் அங்கே வழியல்ல.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 10, இரவு 10.50

நன்றி சார். ஆனால் 16 என்பது எங்கள் குழந்தை ரத்தத்தில் வரவே வராதே. 6.2-ல் வந்த குழந்தை, பம்ப் ஓடி இரண்டாம் நாள் 8.4. ரத்தம் முழுக்க 16 ஆனால் குழந்தையே இருக்காது. அப்படியானால் அந்தச் சோதனை நமக்கு என்ன சொல்கிறது?

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 11, அதிகாலை 4.40

டியூட்டி நடுவில் எழுதுகிறேன். ஒரு காரியம் செய்து பார்த்தேன். நேற்று ஒரு பெரிய குழந்தைக்குப் போட்டு மீந்த செஃப்ட்ரியாக்சோன் வயலில் கொஞ்சம் இருந்தது. தூக்கிப்போட வேண்டியதுதான். மூடியைக் கழற்றிய ஒரு பழைய சிரிஞ்சில் அதை ஒரு மி.லி. விட்டு, காலாவதியான கால்சியம் ஆம்பூலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். மருந்து லேசான மஞ்சளாகத் தெளிவாக இருந்தது. கால்சியம் விழுந்த இடம் முதலில் புகை போல் கலங்கியது, சிறிது நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. விளக்குக்கு எதிரே பிடித்தால் அடியில் மாவு போல் இறங்கியிருக்கிறது. அதைக் குலுக்கிப் பார்த்தேன், கரையவில்லை.

இது ஒரு சொட்டு ரத்தமும் இல்லாத ஒரு குழாய், அதுவும் முழு அடர்த்தியில். குழந்தை உடம்பில் இப்படி ஆகாது என்று தெரியும். ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2.9 கிலோ குழந்தையின் நுரையீரலில் ரத்தம் போகும் நுண்குழாய் எவ்வளவு குறுகலாக இருக்கும்.

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 11, காலை 9.15

சிஸ்டர் கேட்ட 16-க்கு வருகிறேன். ரத்தம் முழுவதும் கலந்த பிறகு உள்ள சராசரியைத்தான் நாம் ஆய்வகத்தில் அளக்கிறோம். கால்சியம் உள்ளே வரும் குழாய் முனையில் அது அப்படி இருக்காது. பத்து சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டில் ஒரு மி.லி.க்கு சுமார் 9 மி.கி. கால்சியம், அதாவது டெசிலிட்டருக்கு 900-ஐ ஒட்டி. ரத்தத்தில் விழுந்து கலப்பதற்கு முன் அந்த இடத்தில் அளவு மிக அதிகம். தொப்புள் சிரையில் குழாய் போட்டிருந்தால் முனை இதயத்தின் வாசலிலேயே இருக்கும், அடுத்த நிறுத்தம் நுரையீரல்தான். இது என் ஊகம், உடலில் யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனால் படிகம் நுரையீரலில் கிடைத்ததோடு ஒத்துப்போகிறது.

இன்னொரு பக்கம், மருந்தும் குழந்தை ரத்தத்தில் வேறு மாதிரி இருக்கிறது. பெரியவர்களில் பெரும்பகுதி ஆல்புமினில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. பச்சிளம் குழந்தையில் ஆல்புமின் குறைவு, இருக்கிற ஆல்புமினிலும் பிலிருபின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எனவே ஒட்டாமல் சும்மா திரியும் மருந்து அதிகம், கால்சியத்தோடு சேர்வது அந்தப் பங்குதான். சிறுநீரகமும் கல்லீரலும் முதிராததால் வெளியேறுவதும் மெதுவாக நடக்கிறது. பெரியவர்களில் மருந்து பாதியாகக் குறைய 8 மணி நேரம். முதல் வாரக் குழந்தையில் 16 மணி நேரத்தை ஒட்டி.

---

ஆதவன்_அப்பா | ஜனவரி 11, மாலை 5.30

இதைப் படித்ததும் பதற்றமாகிவிட்டது. என் மகனுக்கு நாலு வயது, 14 கிலோ. டைஃபாய்டு. மூன்று நாளாக இதே ஊசி ஒரு கிராம், நாளைக்கு ஒருமுறை போடுகிறார்கள். காலையில் ஊசி, ராத்திரி பால் குடிக்கிறான், கால்சியம் சிரப்பும் கொடுக்கிறேன். நிறுத்த வேண்டுமா? அதோடு, எங்கள் தெருவில் இன்னொரு குழந்தைக்கு 500 மி.கி. இரண்டு வேளை போட்டார்களாம். என் மகனுக்கு மட்டும் ஒரே அடியாக ஒரு கிராம் ஏன்? காய்ச்சலும் குறையவில்லை.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 11, இரவு 8.05

அண்ணா, பயப்படாதீர்கள். நாங்கள் பேசுவது பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நேராகச் சிரையில் போகும் கால்சியத்தைப் பற்றி. வாயால் குடிக்கும் பால், சிரப் எதற்கும் இந்த மருந்தோடு பிரச்சினை வந்ததாகத் தகவல் இல்லை. பாலை நிறுத்தாதீர்கள், நோயில் இருக்கிற பிள்ளை சாப்பிடுவதே குறைவு. சிரப் இப்போது வேண்டுமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அளவைப் பற்றி. குழந்தைகளுக்குச் சாதாரணத் தொற்றுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 75 மி.கி. டைஃபாய்டுக்கு 75-ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ போவார்கள். உங்கள் மகனுக்கு 14 பெருக்கல் 75 என்றால் 1050. ஒரு கிராம் மிகச் சரியான அளவு. ஒருமுறையாகவும் போடலாம், இரண்டாகப் பிரித்தும் போடலாம், மொத்தம் ஒன்றுதான். மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால் ஒருமுறையே போதும், பிள்ளைக்கும் கேனுலாவைத் தொடும் தொல்லை ஒன்று குறையும்.

மூன்று நாளில் காய்ச்சல் குறையாதது டைஃபாய்டில் வழக்கம்தான். சரியான மருந்து ஓடினாலும் நாலு, ஐந்து நாள் எடுக்கும். ஆனால் வயிறு உப்பினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை சுருண்டு படுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 11, இரவு 8.20

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். கிலோ கணக்கு எப்போதும் மேலே போய்க்கொண்டே இருக்காது. 32 கிலோ பிள்ளைக்கு 75 என்றால் 2400 வரும், ஆனால் சாதாரணத் தொற்றுக்கு 2 கிராமில் நிறுத்த வேண்டும். மூளைக்காய்ச்சல் என்றால் கணக்கே வேறு, கிலோவுக்கு 100, உச்சம் 4 கிராம். அதே 32 கிலோ பிள்ளைக்கு 3.2 கிராம் வரும். 45 கிலோ பிள்ளைக்கு 4.5 என்று வந்தால் 4-தான். ஒருமுறை நைட் டியூட்டியில் குண்டான பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு யாரோ கிலோவால் பெருக்கியதை அப்படியே எழுதியிருந்தார்கள், நான்தான் டாக்டரிடம் கேட்டு மாற்றினேன்.

---

பழையவைத்தியர்_78 | ஜனவரி 12, காலை 6.25

மருந்தாளுநர் சொன்ன 2009 திருத்தத்தைத் தேடிப் படித்தேன். 28 நாள் என்ற எல்லைக்கோட்டை நான் கவனித்ததில்லை என்பது உண்மை. நான் பார்த்ததெல்லாம் பெரிய பிள்ளைகள், பச்சிளம் குழந்தைகளை நான் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். ஒன்று கேட்கிறேன். தசையில் போட்டால்? ரத்தத்துக்குள் மெதுவாகத்தானே வரும். அப்படியாவது பச்சிளம் குழந்தைக்குப் போடலாமா?

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 12, பகல் 12.40

தசையில் போட்ட செஃப்ட்ரியாக்சோனால் கால்சியத்தோடு பிரச்சினை வந்ததாகத் தகவல் இல்லை என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போடலாம் என்று சொல்ல நான் தயாரில்லை. தசையில் போட்டாலும் மருந்து ரத்தத்துக்குத்தான் வருகிறது, அங்கேதான் கால்சியம் இருக்கிறது. தகவல் இல்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. மாற்று மருந்து கையில் இருக்கும்போது சோதித்துப் பார்க்கத் தேவையும் இல்லை.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 13, இரவு 9.30

ஒரு திருத்தம். ஆதவன் அப்பாவுக்கு "பிறந்து ஒரு மாதத்துக்குள்" என்று எழுதினேன். அது பாதிதான் சரி.

எங்கள் வார்டில் இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். 32 வாரத்தில் பிறந்தவள், இன்று 35-வது நாள். நாள் கணக்கில் 28 தாண்டிவிட்டாள். நான் அவளை "தாண்டிவிட்டாள்" என்ற பட்டியலில்தான் வைத்திருந்தேன். சீனியர் அக்கா கேஸ் ஷீட்டில் விரலை வைத்து, "கூட்டிப் பாரு" என்றார். 32 வாரமும் 5 வாரமும் சேர்த்தால் 37. குறைமாதக் குழந்தைக்கு, கருவில் இருந்த வாரத்தையும் பிறந்த பிறகான வாரத்தையும் கூட்டி 41 வரும்வரை செஃப்ட்ரியாக்சோன் கூடாது. கால்சியம் ஓடினாலும் ஓடாவிட்டாலும். அவளுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது.

இப்போது அவள் தொட்டில் அட்டையில் நாளோடு வாரத்தையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். மற்ற குறைமாதக் குழந்தைகளின் அட்டையிலும்.

---

கோமதி_ஈரோடு | ஜனவரி 14, காலை 11.10

நான் மருத்துவம் சார்ந்தவள் இல்லை, ஒரு அம்மா. என் மகளுக்குப் பத்து வயது. போன வருடம் நிமோனியாவுக்கு இந்த ஊசி பத்து நாள் போட்டார்கள். எட்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி என்று அழுதாள், சாப்பிட்டால் வாந்தி. ஸ்கேன் எடுத்தார்கள், பித்தப்பை நிறையக் கல் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொன்னார் ஒருவர். பத்து வயதில் பித்தக்கல்லா என்று நான் ஆடிப்போய்விட்டேன். இன்னொரு குழந்தை டாக்டர் ஸ்கேனையும் மருந்துச் சீட்டையும் பார்த்துவிட்டு, ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், பித்தப்பை சுத்தம். இதுவும் நீங்கள் சொல்லும் கால்சியம்தானா?

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 14, பகல் 2.30

அதே வேதியியல்தான் அம்மா, இடம் மட்டும் வேறு. இந்த மருந்தின் ஒரு பகுதி சிறுநீரில் போகிறது, மீதி பித்தநீரில். பித்தப்பை பித்தநீரைச் சுண்டவைப்பதால் மருந்தும் அங்கே பல மடங்கு அடர்த்தியாகிறது. பித்தநீரில் கால்சியம் இயல்பாகவே உண்டு. இரண்டும் சேர்ந்து செஃப்ட்ரியாக்சோன் கால்சியமாகப் படிகிறது. ஸ்கேனில் கல் போலவே நிழல் விழும். பெரும்பாலும் வலியே இருக்காது, சிலருக்கு உங்கள் மகள் போல் வரும். மருந்தை நிறுத்தினால் சில நாளிலிருந்து சில மாதத்துக்குள் கரைந்துவிடும். அதிக அளவு, நீண்ட நாள், வாய் வழியே சாப்பிடாமல் கிடப்பது, உடலில் நீர் வற்றுவது எல்லாம் இதைக் கூட்டும். அவசரப்பட்டு அறுவை செய்யாமல் காத்திருக்கச் சொன்னவர் சரியாகச் சொன்னார்.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 14, இரவு 11.00

கோமதி அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. பித்தப்பையில் படிந்தால் மருந்தை நிறுத்தலாம், கரையக் காத்திருக்கலாம். பச்சிளம் குழந்தையின் நுரையீரல் நுண்குழாயில் படிந்தால் காத்திருக்க நேரமே இல்லை. பொருள் ஒன்று, படியும் இடம்தான் வேறு. என் கேள்வியை "எங்கே சேரும்" என்று கேட்டேன், பதில் "எங்கே வேண்டுமானாலும்" என்று வந்திருக்கிறது.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 16, காலை 8.45

இன்னொரு விஷயம். கால்சியம் என்றால் பம்பில் ஓடும் கால்சியம் குளுக்கோனேட் மட்டும் என்று நினைத்திருந்தேன். நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எங்கள் அலமாரியைப் பார்த்தேன். குறைமாதக் குழந்தைகளுக்குச் சிரை வழியே ஓடும் ஊட்டக் கலவையில் கால்சியம் இருக்கிறது. ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் இருக்கிறது. அதன் லேபிளைச் சத்தமாகப் படித்தேன், கால்சியம் குளோரைடு என்று எழுதியே இருக்கிறது, ஆனால் நாங்கள் "ஆர்.எல்." என்று கூப்பிடும்போது அது யாருக்கும் நினைவில் வருவதில்லை. கடுமையான மஞ்சளுக்குக் குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றும் ரத்த மாற்றம் செய்யும்போது நடுவில் கால்சியம் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு.

அந்தக் கடைசி விஷயம் என்னை உலுக்கியது. ரத்த மாற்றம் செய்கிற குழந்தைக்கு மஞ்சள் கடுமையாக இருக்கும். அந்தக் குழந்தைக்குக் கால்சியம் இல்லாவிட்டாலும் செஃப்ட்ரியாக்சோன் கூடாது. ஆல்புமினில் உட்கார்ந்திருக்கிற பிலிருபினை இந்த மருந்து தள்ளிவிடும், தள்ளப்பட்ட பிலிருபின் மூளைக்குப் போகும். ஆக ஒரே குழந்தைக்கு இரண்டு காரணத்தாலும் கூடாது.

---

ஹவுஸ்சர்ஜன்_2 | ஜனவரி 17, இரவு 1.15

மலர் அக்கா, ஆர்டர் ஷீட்டில் அன்றைக்கு எழுதிய பயிற்சி டாக்டர் நானில்லை, ஆனால் நானும் எழுதியிருப்பேன். மூளைக்காய்ச்சல் என்றால் செஃப்ட்ரியாக்சோன் என்றுதான் தலையில் பதிந்திருக்கிறது. ஒரு கேள்வி. பச்சிளம் குழந்தைக்கு எப்போதுமே கூடாது என்றால் அளவு ஏன் எழுதியிருக்கிறார்கள்? ஒரு பட்டியலில் பச்சிளம் குழந்தைக்கு கிலோவுக்கு 50 என்று பார்த்தேன்.

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 17, காலை 10.20

எப்போதுமே கூடாது என்று இல்லை, தம்பி. நிறைமாதக் குழந்தை, மஞ்சள் இல்லை, சிரையில் கால்சியம் இல்லை, வரப்போவதும் இல்லை என்றால் கொடுக்கலாம். தாயிடமிருந்து கொனோரியா ஒட்டி, கண் சீழ் பிடித்த குழந்தைக்கு ஒரே ஒரு டோஸ் போடுவது அப்படித்தான். கிலோவுக்கு 50 என்பது அங்கேதான் வருகிறது. ஏற்றும் நேரமும் வேறு. பெரிய பிள்ளைக்கு 30 நிமிடம் போதும், பச்சிளம் குழந்தைக்கு 60 நிமிடம். வேகமாக ஏற்றினால் பிலிருபினைத் தள்ளும் வேகமும் கூடும்.

"வரப்போவதும் இல்லை" என்பதுதான் நடைமுறையில் கஷ்டம். வார்டில் சேர்க்கிற அளவுக்கு நோயாக இருக்கும் பச்சிளம் குழந்தைக்கு நாளைக்குக் கால்சியம் தேவைப்படாது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் பெரும்பாலான பச்சிளம் வார்டுகளில் செஃபோடாக்சிமை வைத்திருக்கிறார்கள். அது கால்சியத்தோடு இப்படிப் படிவதில்லை, பிலிருபினையும் அந்த அளவுக்குத் தள்ளுவதில்லை. முதல் வாரத்தில் 12 மணிக்கு ஒருமுறை, ஒரு வாரம் தாண்டினால் 8 மணிக்கு ஒருமுறை என்று அடிக்கடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

---

ஹவுஸ்சர்ஜன்_2 | ஜனவரி 17, இரவு 11.50

சரி சார். அப்போது கடினமானது ஒன்று. மலர் அக்கா கேஸில் நர்சிங் ஹோமிலேயே முதல் டோஸ் போட்டிருந்தால்? குழந்தை வலிப்போடு வருகிறது, கால்சியம் 6.2. நாலு மணி நேரத்துக்கு முன் செஃப்ட்ரியாக்சோன் போயிருக்கிறது. கால்சியம் கொடுக்கலாமா கூடாதா?

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 18, பகல் 1.05

இதற்கு என்னிடம் கடிகாரம் பார்த்துச் சொல்லும் பதில் இல்லை. பழைய 48 மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 16 மணிக்கு ஒருமுறை பாதியாகும் மருந்து மூன்று முறை பாதியாகி எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். முழுவதும் போய்விட்டது என்று சொல்ல 80 மணி நேரம் ஆகும். வலிக்கும் குழந்தையை அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது. நாலு மணி நேரத்தில் மருந்து ஏறக்குறைய முழுதாக இருக்கிறது.

---

பழையவைத்தியர்_78 | ஜனவரி 18, மாலை 4.15

நான் அங்கே இருந்தால் வலிப்பை வலிப்பு மருந்தால் அடக்கிப் பார்ப்பேன், மெக்னீசியம் குறைவா என்று பார்ப்பேன், கால்சியம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முடிந்த அளவு மெதுவாக, நீர்க்கவைத்து, மானிட்டரில் கண் வைத்துக் கொடுப்பேன். குறைந்த கால்சியமும் குழந்தையைக் கொல்லும். மருந்தாளுநர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

---

வார்டு_மருந்தாளுநர் | ஜனவரி 18, மாலை 6.50

ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை சார். அந்த நிலையில் முடிவு குழந்தையின் தலைமாட்டில் நிற்கும் மூத்த டாக்டருடையது. என் பங்கு அந்த நிலை வராமல் பார்ப்பது.

---

மலர்விழி_செவிலி | ஜனவரி 20, இரவு 10.10

நாங்கள் இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் பச்சிளம் குழந்தையின் சீட்டில் "ஆன்டிபயாடிக் போடப்பட்டது" என்று மட்டும் இருந்தால், எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று போன் செய்து கேட்டு எழுதுகிறோம், அதற்குப் பிறகுதான் கால்சியம் ஆம்பூல் உடைகிறது. மிகவும் அவசரம் என்றால் ஒருவர் போனில், ஒருவர் குழந்தையிடம். இரண்டாவது, செஃப்ட்ரியாக்சோன் வயல்கள் பச்சிளம் அறை அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, அடுத்த பெரிய குழந்தைகள் வார்டுக்குப் போய்விட்டன. வேண்டுமென்றால் நடந்து போய், வயதையும் வாரத்தையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அந்த ஆறு நாள் குழந்தையின் முதுகுத்தண்டு நீர் சுத்தமாக வந்தது, கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. நேற்று மதியம் வீட்டுக்குப் போனான், கால்சியம் 9.1. வலிப்புக்குக் காரணம் கால்சியம்தான், ஆனால் அது ஏன் குறைந்தது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருக்கிறது.

---

ஆதவன்_அப்பா | ஜனவரி 21, காலை 7.40

ஐந்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் விட்டது. பால் குடிக்கிறான். நன்றி சிஸ்டர்.

---

ஹவுஸ்சர்ஜன்_2 | ஜனவரி 21, இரவு 11.25

அக்கா, நேற்று ஒரு ரெஃபரல் வந்தது. ஒன்பது நாள் குழந்தை, சீட்டில் ஊசியின் பெயர் இல்லை. நீங்கள் சொன்னபடி போன் செய்தேன். மூன்று முறை அடித்த பிறகு எடுத்தார்கள். அமிகாசின் மட்டும்தான் என்றார்கள், நேரத்தோடு எழுதிக்கொண்டேன். ஆர்.எல். பாட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதையும் எழுதினேன்.